ஜிம் அந்தப் பையனை ‘நீ’ என்பாரா, ‘நீங்க’ என்பாரா?

ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழாக்கும்போது உரையாடலை எழுத்துத் தமிழில் வைப்பதா, பேச்சுத் தமிழில் வைப்பதா என்ற கேள்வி பழசு. ‘ரெண்டும் சரிதான், எடுத்த முடிவை மாத்தாம இருந்தாப் போதும்’ என்று பொதுவாக ஒரு பதில் சொல்வார்கள். கடந்த சில மாதங்களாக மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் அத்தியாயங்களை ராசிபுரத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்காகத் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இப்போது ஓரளவு தெரிகிறது. அதற்கான குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நான் மொழியியல் படித்தவன் அல்ல, பி.இ. படித்து நிரல் எழுதிப் பிழைப்பவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நாவலைப் பற்றி நாலு வரி. இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1885 பிப்ரவரியிலும் வெளிவந்தது. கதை நடப்பது அதற்கு நாற்பது, ஐம்பது வருஷம் முன்னால், அடிமை முறை இருந்த மிசௌரியில். ஹக் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். குடிகார அப்பனிடமிருந்து தப்பி ஓடுகிறான். ஜிம் ஒரு வீட்டு அடிமை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வளர்ந்த ஆள். தன்னை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்து ஓடி வந்தவர். இருவரும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிறார்கள். கதையைச் சொல்வது ஹக்கே.

புத்தகத்தின் ஆரம்பத்தில் ட்வைன் ஒரு சின்னக் குறிப்பு போட்டிருக்கிறார். இதில் இன்னின்ன வட்டார வழக்குகள் பயன்பட்டிருக்கின்றன என்று எண்ணிச் சொல்கிறார். கூட்டிப் பார்த்தால் ஏழு. இதைச் சொல்லாவிட்டால், எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரிப் பேச முயன்று தோற்றுப்போனதாக வாசகர்கள் நினைத்துவிடுவார்கள் என்று ஒரு கிண்டலும் உண்டு. அதாவது யார் எப்படிப் பேசுகிறார் என்பது இந்த நாவலில் அலங்காரம் இல்லை, கதையே அதில்தான் இருக்கிறது. ‘எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா’ என்று மொத்தத்துக்கும் ஒரே முடிவு எடுத்தால் அந்த ஏழும் ஒன்றாகிவிடும்.

சரி, எளிதான பக்கத்திலிருந்து தொடங்குவோம். ஹக் கதை சொல்கிறான், அதுவும் பள்ளிக்கூடம் பிடிக்காத பையனின் பேச்சில். நாற்பத்து மூன்று அத்தியாயத்தையும் பேச்சுத் தமிழில் எழுதினால் வாசகர் களைத்துப்போவார் என்று பயந்தேன். எழுத உட்கார்ந்தபோது பயந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ‘போனேன்’, ‘வந்தான்’, ‘சொன்னாள்’, ‘கேட்டேன்’ எல்லாம் எழுத்திலும் பேச்சிலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். கடைசி ‘ன்’ பேச்சில் மூக்கொலியாகத் தேய்ந்துவிடும், ஆனால் அதை யாரும் அப்படி எழுதுவதில்லை. பிளவு தெரிவது நிகழ்காலத்தில்தான். ‘போகிறேன்’ என்று எழுதுகிறோம், ‘போறேன்’ என்று பேசுகிறோம். கதை சொல்லல் பெரும்பாலும் இறந்தகாலத்தில் ஓடுவதால், ‘அவர்கள்’ என்பதை ‘அவங்க’ ஆக்கி, ‘என்று’ என்பதை ‘ன்னு’ ஆக்கினாலே பையனின் குரல் வந்துவிடுகிறது. பக்கமும் கண்ணை உறுத்துவதில்லை.

உரையாடல் அப்படி இல்லை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் பேசுவது நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும், கேள்வியிலும் கட்டளையிலும். ‘எங்கே போகிறாய்?’, ‘எனக்கு வேண்டாம்’, ‘சும்மா இரு’. மூன்றாவது இரண்டு தமிழுக்கும் பொது. முதல் இரண்டை எந்தத் தமிழ்ப் பையனும் வாயால் சொன்னதில்லை. அவன் ‘எங்க போற?’, ‘எனக்கு வேணாம்’ என்பான். இங்கே நழுவ வழியில்லை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

தேர்ந்தபின் வரும் முதல் கோளாறு கலப்பு வாக்கியம். ‘நீ எங்க போகிறாய்?’ என்று எழுதினால் ‘எங்க’ பேச்சு, ‘போகிறாய்’ எழுத்து. கேட்டவுடனே காதில் இடறும். தமிழில் ஒரு வாக்கியத்துக்குள் வினைமுற்று எந்தப் பக்கமோ, மற்றச் சொற்களும் அந்தப் பக்கம் போக வேண்டும். வினை பேச்சில் இருந்து பெயர்ச்சொல் கொஞ்சம் எழுத்துச் சாயலில் இருந்தால் தாங்கும். ‘உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்’ என்பதில் ‘உன்னை’ எழுத்து வடிவம்தான், யாருக்கும் உறுத்தாது. தலைகீழாக, ‘உன்னத்தான் தேடிக்கொண்டிருந்தேன்’ என்றால் யாரோ தட்டச்சில் கோட்டைவிட்ட மாதிரி இருக்கிறது. வினைதான் வாக்கியத்தின் சுருதியை வைக்கிறது.

இந்தக் கலப்பு நம் கண்ணுக்குத் தப்பும். பள்ளிக்கூடம் பழக்கிய விரல் தானாக ‘கிற’ போட்டுவிடும். அதனால் ஒரு அத்தியாயம் முடிந்ததும் இந்த வரியை ஓடவிடுகிறேன்:

```
grep -nE '"[^"]*(கிறேன்|கிறாய்|கிறான்|கிறாள்|கிறது|கிறார்கள்)[^"]*"' huck.txt
```

மேற்கோள் குறிக்குள் எழுத்துத் தமிழ் நிகழ்காலம் இருக்கும் வரிகளைக் காட்டும். ஒரே வரியில் இரண்டு மேற்கோள் இருந்தால் நடுவில் உள்ள கதைப்பகுதியையும் பேச்சு என்று எண்ணிக்கொள்ளும். ‘வேண்டும்’, ‘இல்லை’ போன்றவற்றைப் பிடிக்காது. ஆனாலும் உபயோகம் உண்டு. முக்கியமாக, இது காட்டும் வரிகள் எல்லாமே தப்பு இல்லை. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

இரண்டாவது கோளாறு எழுத்துக்கூட்டல். பேச்சுத் தமிழுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்துமுறை இல்லை. வாயில் குரலின் ஏற்ற இறக்கம் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தாளில் யாரும் பார்ப்பதில்லை. ‘என்னை’ பேச்சில் ‘என்ன’ ஆகிறது. ‘என்ன பாத்தான்’ என்று எழுதினால், என்னைப் பார்த்தானா, எதைப் பார்த்தான் என்று கேட்கிறார்களா? அதனால் ‘என்னை’ அல்லது ‘என்னைய’ என்று வைத்துக்கொண்டேன், இரண்டுமே பிழைத்துக்கொள்ளும். இதைவிட மோசம் ‘வந்தா’. ‘வந்தாள்’ என்பதும் ‘வந்தால்’ என்பதும் பேச்சில் ஒன்றே. ‘அம்மா வந்தா சொல்லு’ என்பதில் குழப்பமில்லை, கட்டளை பின்னால் வருகிறது. ‘அவ வந்தா நான் ஓடிட்டேன்’ என்றால் வாசகர் வாக்கியத்தின் பாதியில் திரும்பிப்போக வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ‘அவ வந்தாள்’ என்று ‘ள்’ போட்டுவிடுகிறேன். சுத்தப் பேச்சுக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

பேச்சுத் தமிழ் என்றால் பிள்ளைகளுக்கு எளிது என்று பொதுவாக நினைக்கிறோம். பாடப்புத்தகத்தில் மட்டும் தமிழ் படித்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ‘வந்துக்கிட்டிருந்தாங்க’ என்ற சொல்லின் உருவம் புதுசு. அக்கா மகளை இரண்டு வடிவத்தையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். எழுத்துத் தமிழ் உரையாடலைத் தடங்கல் இல்லாமல், தமிழம்மா முன்னால் ஒப்பிக்கும் குரலில் படித்தாள். பேச்சுத் தமிழில் முதல் பக்கம் இடறினாள், எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். இரண்டாம் பக்கத்தில் ஹக்குக்கு ஒரு குரல், அப்பனுக்கு ஒரு குரல் என்று மாற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் அந்த முதல் பக்கத்து இடறலைக் குறைப்பது மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கிறது. சொல்லின் தலைப்பகுதியை மாற்றாமல் வால்பகுதியை மட்டும் பேச்சாக்கினால் கண் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். ‘உன்கிட்ட’ போதும், ‘ஒங்கிட்ட’ வேண்டாம். ‘இடம்’ இருக்கட்டும், ‘எடம்’ ஆக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, பேச்சு என்றால் யாருடைய பேச்சு? நான் நாமக்கல் பக்கத்து ஆள். கை தானாகவே எங்கள் ஊர்ப் பேச்சுக்குப் போகும். நல்ல முன்னோர்களும் இருக்கிறார்கள். ஆர். ஷண்முகசுந்தரம் 1942லேயே ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சைக் கொண்டுவந்துவிட்டார். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் நாவல்களிலும் எழுதி, ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யும் தொகுத்தார். எனவே ‘கொங்குத் தமிழை எழுத முடியாது’ என்று சொல்ல வழியில்லை. பேசாமல் ஹக்கைத் திருச்செங்கோட்டுப் பையனாக்கிவிட்டால் என்ன?

ஒரு அத்தியாயம் அப்படி எழுதிப் பார்த்தேன். இரண்டு தொந்தரவு வந்தது. ஒன்று, ஊர். ‘நோம்பி’, ‘பொடக்காலி’, ‘ஒறம்பரை’ என்ற சொற்கள் வந்தவுடன் பக்கத்தில் மிசிசிப்பி வற்றிப்போய்த் திருமணிமுத்தாறு ஓட ஆரம்பிக்கிறது. பெயர் மட்டும் ஹக்கிள்பெரி. இரண்டு, சிரிப்பு. கொங்குப் பேச்சைத் தமிழ் சினிமா பல வருஷமாக நகைச்சுவைக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறது. ‘ஏனுங்’ என்று ஒரு பாத்திரம் வாயைத் திறந்தாலே பிள்ளைகளுக்குக் கவுண்டமணியும் கோவை சரளாவும் ஞாபகம் வந்துவிடுகிறார்கள். இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் ஜிம் தன் சின்ன மகளைப் பற்றிச் சொல்கிறார். கதவைச் சாத்தச் சொல்லி அந்தக் குழந்தை கேட்காததால் அடித்துவிடுகிறார். காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. அந்த இடத்தில் வாசகருக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தால்கூட நாவல் கெட்டது.

ஆகவே நான் வைத்துக்கொண்ட வழி இது: இலக்கணம் பேச்சுத் தமிழ், சொற்கள் எல்லா மாவட்டத்துக்கும் தெரிந்தவை. கொங்கு தமிழில் நாவல் எழுதுபவருக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையே இல்லை. அங்கே ஊர்ப்பேச்சு அந்த ஊரிலேயே நடக்கிறது. மொழிபெயர்ப்பில் மட்டும்தான் பேச்சு ஓர் ஊரிலும் கதை வேறு ஊரிலும் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் வேலைக் கணக்கு. இனிமேல்தான் உண்மையான சிக்கல்.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். அடிமையும் எஜமானும், பையனும் கிழவனும் அதே சொல்லால் ஒருவரை ஒருவர் பேசுகிறார்கள். தமிழில் ‘நீ’, ‘நீங்க’, அதோடு ‘டா’, எங்கள் பக்கத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டும் ‘ங்க’. ஜிம் வாயைத் திறந்தவுடனே, ஹக் அவருக்கு என்ன உறவு என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தப்ப முடியாது.

நாவலின் பதினைந்தாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். மூடுபனியில் ஹக்கும் ஜிம்மும் பிரிந்துபோகிறார்கள். இரவெல்லாம் தேடிக் கத்திக் களைத்து ஜிம் தெப்பத்தில் தூங்கிவிடுகிறார். திரும்பி வந்த ஹக், ‘நான் எங்கேயும் போகவே இல்லை, நீ கனவு கண்டிருக்கிறாய்’ என்று விளையாடுகிறான். உண்மை தெரிந்ததும் ஜிம் அவன் முகத்தைப் பார்த்து நேராகக் கண்டிக்கிறார். ஒரு அடிமை வெள்ளைக்காரப் பையனைக் கண்டிப்பது சாதாரண விஷயம் இல்லை. கால்மணி நேரம் தன்னோடு போராடிவிட்டு ஹக் போய் மன்னிப்புக் கேட்கிறான்.

நாவலின் வரியை எடுக்காமல், அந்த இடத்தில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தை நானே செய்துகொள்கிறேன். ஜிம் சொல்வதாக மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

“நான் இரவு முழுவதும் உன்னையே தேடிக்கொண்டிருந்தேன். நீயோ என்னை ஏமாற்றிவிட்டுச் சிரிக்கிறாய்.”

“ராத்திரி பூரா உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நீ என்னடான்னா என்னை ஏமாத்திட்டுச் சிரிக்கிற.”

“ராத்திரி பூரா உங்களத்தானுங்க தேடிக்கிட்டிருந்தேன். நீங்க என்னடான்னா என்னைய ஏமாத்திப்போட்டுச் சிரிக்கறீங்களே சாமி.”

முதலாவது யாருடைய குரலும் இல்லை. மேடையில் ஒருவர் வசனம் சொல்கிறார். அதில் ஒரு சௌகரியம் உண்டு: ‘உன்னை’ என்பது எழுத்துத் தமிழில் மரியாதைக் குறைவாகவும் தெரியாது, நெருக்கமாகவும் தெரியாது. கடவுளையும் அரசனையும்கூட நம் எழுத்து மரபில் ‘நீ’ என்று அழைக்கலாம். எழுத்துத் தமிழ் அந்த உறவை மூடி மறைத்துவிடுகிறது. உரையாடலை எழுத்துத் தமிழில் வைத்தவர்கள் எல்லோரும் சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தர்மசங்கடத்திலிருந்து அது ஒரு கௌரவமான தப்பித்தல். ஆனால் இந்த நாவலில் மூடி மறைக்கக் கூடாத விஷயமே அதுதான்.

மூன்றாவதைச் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள் படித்தவுடனே புரிந்துகொள்வார்கள். வயசான பண்ணையாள் பண்ணையக்காரர் வீட்டுப் பொடியனிடம் பேசும் பேச்சு இது. வயசு மேலிருந்து கீழே போகிறது, மரியாதை கீழிருந்து மேலே போகிறது. அந்தப் பொடியன் பதிலுக்கு ‘வாடா’, ‘போடா’ என்பான். எங்கள் தலைமுறைக்காரர்கள் சின்ன வயதில் இதைக் காதாரக் கேட்டிருக்கிறோம். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ இந்த உலகத்தில்தான் நடக்கிறது. கவுண்டர் வீட்டில் ஆடு மேய்க்கப் பண்ணையத்துக்கு விடப்பட்ட அருந்ததியர் பையன் கூளையனும் அவன் கூட்டாளிகளும்தான் அதில் முக்கியமானவர்கள். வ. கீதா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது (2004) கூளையனின் பெயர் ‘ஷார்ட்டி’ ஆனது. பெயரின் பொருளைக் கொண்டுபோக முடிந்தது. ஆனால் ‘ங்க’ என்ற ஒட்டைக் கொண்டுபோக ஆங்கிலத்தில் இடமே கிடையாது. எனக்கு வாய்த்தது அதன் மறுபுறம். ஆங்கிலத்தில் இல்லாத ‘ங்க’வை நான் வைக்கவா, வேண்டாமா?

மூன்றாவது வடிவம் உண்மைக்கு நெருக்கம் என்று முதலில் தோன்றும். அடிமை அப்படித்தானே பேசியிருப்பார்? அதை மூலத்தில் சரிபார்க்க முடியும், விடையும் கிடைக்கிறது. ஜிம் எல்லோரையும் ஒரே மாதிரி அழைப்பதில்லை. டாம் சாயரைக் கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் எஜமானைக் குறிக்கும் ஒட்டு வருகிறது. ஹக்கைப் பெரும்பாலும் வெறும் பெயராலும், ‘தேன்’ என்று பொருள்படும் செல்லச் சொல்லாலும் கூப்பிடுகிறார். அதே மூடுபனி அத்தியாயத்தில், கனவா நனவா என்று குழம்பும் ஓரிடத்தில், முதலாளி என்று பொருள்படும் சொல் வாயிலிருந்து வருகிறது. ஆக, ‘ங்க’ போட வேண்டிய இடத்தையும் போடக் கூடாத இடத்தையும் ட்வைனே காட்டிவிட்டார். டாமிடம் பேசும்போது ‘நீங்க’, ‘சின்ன முதலாளி’. ஹக்கிடம் ‘நீ’. குழம்பிய அந்த ஒரு கணத்தில் மட்டும் பழைய பழக்கத்தில் ஒரு ‘ங்க’ நழுவி விழலாம். எல்லா இடத்திலும் ‘ங்க’ போட்டால் இந்த நழுவல் தெரியாமலே போகும்.

அந்தச் செல்லச் சொல்லுக்கு மட்டும் என் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தி எங்கள் ஊருக்குள் போனேன். ‘தேனே’ என்றால் சினிமாப் பாட்டு. ‘மகனே’ என்றால் பாதிரியார். ‘தம்பி’ பரவாயில்லை, ஆனால் அது யாரும் யாரையும் சொல்வது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பிள்ளைகளைக் ‘கண்ணு’ என்பார்கள். ‘சாப்பிட்டியா கண்ணு?’, ‘எங்க கண்ணு போற?’. சொந்தப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, ஆண் பெண் வித்தியாசமும் இல்லை. மற்ற மாவட்டக்காரர்களுக்கும் புரியும், யாருக்கும் சிரிப்பு வராது. ‘கண்ணு’ என்று கூப்பிடுபவர் ‘நீங்க’ என்று தொடர்ந்தால்கூட அதில் பணிவைவிடப் பாசம்தான் முன்னால் நிற்கும். எனவே இரண்டாவது வடிவம், அதோடு கண்ணு: “ராத்திரி பூரா உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன் கண்ணு.” இந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, ஹக் கால்மணி நேரம் ஏன் தவித்தான் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

சரி, ஹக் ஜிம்மை எப்படிக் கூப்பிடுவான்? மூலத்தில் ஆரம்பம் முதல் கடைசி வரை வெறும் ‘ஜிம்’. தமிழில் மன்னிப்புக் கேட்ட பிறகு ‘அண்ணே’, ‘நீங்க’ என்று மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். நண்பர் ஒருவர் ‘அருமையான இடம், விட்டுடாதீங்க’ என்றார். எனக்கு ஒப்பவில்லை. ட்வைன் போடாத நீதிபோதனையை மொழிபெயர்ப்பாளர் போடுவதாகிவிடும். பதிலாக, பதினைந்தாம் அத்தியாயம் வரை ஹக் பேச்சில் அங்கங்கே ‘டா’ வைத்தேன். ‘சும்மா இருடா ஜிம்’, ‘இங்க வாடா’. அந்த ஊர்ப் பையன் வளர்ந்த அடிமையிடம் அப்படித்தான் பேசுவான், யோசிக்காமல். பதினைந்துக்குப் பிறகு ‘டா’ கிடையாது. ‘இங்க வா ஜிம்’. எங்கேயும் சொல்லிக்காட்டவில்லை. ஒரு எச்சரிக்கை: ‘டா’ தமிழில் தோழர்களுக்குள்ளும் வரும். ஹக்கும் டாமும் ஒருவரை ஒருவர் ‘டா’ போட்டுத்தான் பேசுவார்கள். வேறுபாடு எங்கே என்றால், டாம் திருப்பிச் சொல்கிறான், ஜிம் திருப்பிச் சொல்வதில்லை. ஒருபக்க ‘டா’ என்பது தெரிய, முதல் சில அத்தியாயங்களில் இரண்டு ஜோடியையும் கிட்டக் கிட்டப் பேசவிட வேண்டும்.

எழுத்துத் தமிழுக்கு இதில் வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. மேலே சொன்ன அந்தத் தேடல் வரி காட்டுவதெல்லாம் தப்பில்லை என்றேனே, அது இதற்காகத்தான். டாம் சாயர் சாகசக் கதைகளைப் படித்து மண்டை வீங்கியவன். ஜிம்மை விடுவிக்கக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தால் போதும் என்ற நிலையில், புத்தகத்தில் உள்ளபடிதான் தப்பிக்க வைக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவன். திட்டம் போடும்போது மட்டும் அவன் வாயில் சரித்திர நாவல் தமிழ் வரட்டும். ‘டேய் ஹக், இங்க பாரு’ என்று ஆரம்பித்து, ‘கைதியானவன் தன் குருதியால் ஓலை எழுதுகிறான்!’ என்று ஏறி, மறுபடி ‘புரியுதாடா?’ என்று இறங்கட்டும். அவன் எதைப் படித்துக் கெட்டான் என்பது அந்த ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். அக்கா மகள் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். வகுப்பில் இப்படி ஒருத்தன் இருக்கிறானாம்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் தெப்பத்தில் ஏறும் இரண்டு மோசடிக்காரர்களுக்கும் எழுத்துத் தமிழ்தான் தொழில் முதலீடு. ஒருவன் தன்னைக் கோமகன் என்கிறான், மற்றவன் பிரான்ஸ் நாட்டு அரசன் என்கிறான். ஷேக்ஸ்பியர் வசனங்களைக் கண்டபடி கலந்து ஒப்பிக்கிறார்கள். இவர்களுக்குக் கூத்துமேடைத் தமிழ் கொடுத்தேன். ராஜபார்ட் வேஷக்காரன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பீடி கேட்கும் குரல் உண்டு இல்லையா, அதுவும் பக்கத்திலேயே வர வேண்டும். “யாம் அரசர் குலத்தில் உதித்தோம்... அந்த மீனை இப்படித் தள்ளு.” இலக்கணம் அங்கங்கே சறுக்க வேண்டும், ஒருமை பன்மை இடிக்க வேண்டும். சுத்தமான செந்தமிழ் கொடுத்தால் அவர்கள் உண்மையிலேயே படித்தவர்கள் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். மற்ற எல்லோரும் பேச்சுத் தமிழில் பேசுவதால்தான் இந்தச் சாயம் ஒட்டுகிறது. எல்லோரையும் எழுத்துத் தமிழில் பேசவிட்டிருந்தால் மோசடிக்காரனும் ஜிம்மும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் இன்னும் முடித்தபாடில்லை. அது உரையாடலில் இல்லை, உரையாடலைச் சுற்றி இருக்கிறது. ‘என்று ஜிம் சொன்னான்’ என்பதா, ‘ஜிம் சொன்னாரு’ என்பதா? ஆங்கிலத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் இது நிற்கும், புத்தகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடத்தில். இந்தப் பதிவில் நான் ‘அவர்’ என்றே எழுதி வருகிறேன், அது என் பேச்சு. நாவலில் பேசுவது ஹக். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அவன் கதையைச் சொல்கிறான், அதனால் முதல் பக்கத்திலிருந்தே ‘சொன்னாரு’ என்று வைக்க நியாயம் உண்டு. ஆனால் அதே ஹக் கதை சொல்லும்போதும் கறுப்பர்களைக் குறிக்கும் அந்த இழிசொல்லைக் கடைசிவரை விடவில்லை. அந்தச் சொல் புத்தகத்தில் 219 தடவை வருகிறது. 2011இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டு அச்சிட்டபோது பெரிய சண்டை நடந்தது. அந்தச் சொல்லை விடாத பையன் வாயில் ‘சொன்னாரு’ மட்டும் எப்படி வரும்? இப்போதைக்கு ‘சொன்னான்’ என்றே வைத்திருக்கிறேன்.

அக்கா மகள் எட்டாவது அத்தியாயத்தில் நிறுத்திக் கேட்டாள்: “மாமா, ஜிம்முக்குப் பொண்டாட்டி புள்ளையெல்லாம் இருக்குன்னு சொல்றீங்க. இந்தப் பையன் என்னைவிடச் சின்னவன். இவன் ஏன் அவரை அவன் இவன்னு சொல்றான்?”

பதினைந்தாவது அத்தியாயம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.